திரும்பி வரும் கொலுசை எந்தத் தட்டில் வைப்பது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். திரும்பி வருவதில் எதைப் புதிதாக விற்பது, எதைச் சரிசெய்வது, எதை உருக்கப் போடுவது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கிறது.

பதில்: பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு, முதலில் தராசில் வையுங்கள். அனுப்பும்போது ஒவ்வொரு கால் கொலுசுக்கும் தனித்தனியாக எடை எழுதி வைத்திருந்தால்தான் இது பயன்படும். ஜோடியாக எழுதினால், ஒரு காலில் சலங்கை உதிர்ந்ததும் மற்றொன்றில் அழுக்கு ஏறியதும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். எடையோ டிசைனோ ஒத்துப்போகாவிட்டால் அது உங்கள் கொலுசுதானா என்ற சந்தேகம் வரும். அதைத் தரம் பிரிக்காமல் தனியாக வைத்துப் புகார் எழுதுங்கள்.

அடுத்து, லென்ஸ் வைத்துத் திருகாணியையும் கண்ணிகளின் உள்பக்கத்தையும் பாருங்கள். நூல், முடி, சோப்புப் படிவு இருந்தால் காலில் போட்டது. எதுவும் இல்லாமல் எடையும் சரியாக இருந்தால் புதுச் சரக்கோடு சேர்க்கலாம். போட்டதை மெருகு போட்டுப் புதிது என்று விற்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம்.

கறுத்து வந்தது பெரும்பாலும் கெட்டுப்போனது இல்லை. பேக்கிங்கில் ரப்பர் பேண்டு போட்டிருந்தால் அதிலுள்ள கந்தகமே வெள்ளியைக் கறுக்க வைக்கும். அப்போது தவறு நம்முடையது. லேசான கறுப்பு என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும். மீனா வேலை உள்ளதை மட்டும் அமிலத்திலோ நெருப்பிலோ காட்டாதீர்கள்.

இனி கணக்கு. 64 கிராம் ஜோடி ஒன்று, செய்கூலி கிராமுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உருக்கினால் உலோகம் கையில் நிற்கும், போவது 1,280 ரூபாய் செய்கூலி. இரண்டு சலங்கை மட்டும் உதிர்ந்திருந்து, பட்டறையில் பற்றவைத்து மெருகு போட 200 ரூபாய் ஆனால், சரிசெய்து 'பழுது பார்த்தது' என்று சொல்லி 500 ரூபாய் குறைத்து விற்கலாம். மொத்த இழப்பு 700தான். ஆக, தள்ளுபடியையும் பழுதுக் கூலியையும் சேர்த்தால் செய்கூலியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் உருக்குவதே லாபம். வெள்ளி விலையில் கை வைத்துத் தள்ளுபடி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

கண்ணிகள் பல இடங்களில் அறுந்து, தேய்ந்து மெலிந்து போயிருந்தால் யோசிக்காமல் உருக்குங்கள். ஆனால் பற்றுப் பொடியில் வெள்ளி குறைவு என்பதால், பல முறை பற்றவைத்த கொலுசை உருக்கினால் கட்டியின் டச் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால் பழைய டச்சை வைத்துக் கணக்குப் போடாமல், கட்டியை டச் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.