அப்பா பிபி மாத்திரை சாப்பிடுகிறார், கஷாயமும் குடிக்கிறார். ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா? டாக்டரிடம் சொல்லியே ஆகணுமா?

கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதிமதுரம் இருந்தால் காலையில் மாத்திரை, ராத்திரி கஷாயம் என்று பிரித்துக் கொடுத்தாலும் பலன் இல்லை. டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் அம்மா அம்லோடிபினும், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோர்தாலிடோனும் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார். பிபி கட்டுக்குள்தான் இருந்தது. வறட்டு இருமலுக்கு ஒரு கஷாயப் பொடி வாங்கி இரண்டு வேளையும் குடிக்க ஆரம்பித்தார். இருமல் நின்றது, கஷாயம் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ராத்திரியில் கெண்டைக்காலில் குரக்கு வலி. பிபி 170.

அம்லோடிபினால் கால் வீங்குவது உண்டு என்று டாக்டர் அதை மாற்றினார். வீக்கம் வடியவில்லை. "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டதற்கு அம்மா "இல்லைங்க" என்றிருக்கிறார். அவருக்குக் கஷாயம் அடுப்படிச் சமாச்சாரம், மருந்து கிடையாது.

அடுத்த முறை பொடிப் பாக்கெட்டோடு நானும் போனேன். நோயாளி மட்டும்தான் உள்ளே வரலாம் என்று டோக்கன் கொடுப்பவர் தடுத்தார். அறுபது தாண்டியவர்களைத் தனியாக அனுப்பிவிட்டு விவரம் சரியாக வரவேண்டும் என்றால் எப்படி? இந்தப் பழக்கத்தை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! சரி, ஒருவழியாகப் போய்ப் பாக்கெட்டைக் காட்டினேன். பொடி எழுத்தில் 'கிளைசிரைசா கிளாப்ரா' என்றிருந்தது. அதிமதுரத்தின் தாவரப் பெயர் அது. டாக்டர் உடனே பொட்டாசியம் பார்க்கச் சொன்னார். 2.8 இருந்தது. 3.5-க்குக் கீழே போகக் கூடாது.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்புறம் அந்தக் கார்டிசோல் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பிபி ஏறுவது அதனால்தான். குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தைக் குறைக்கும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கஷாயமும் மாத்திரையும் மோதிக்கொள்வது வயிற்றில் இல்லை, அதனால் மணிக்கணக்குப் பார்த்துப் பயனில்லை. இசப்கோல் மாதிரி குடலில் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும் பொருளுக்குத்தான் இடைவெளி உதவும்.

கஷாயத்தை நிறுத்திப் பொட்டாசியம் சிரப் கொடுத்த பிறகும், பிபி இறங்கச் சில வாரங்கள் ஆயின.

நாட்டு மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டிலும் நிலவேம்புதான். அதிமதுரமும் நல்ல மருந்துதான், தினமும் மாதக்கணக்கில் பிபிக்காரர் குடிப்பதற்கானது இல்லை, அவ்வளவே.

டாக்டரிடம் 'ஏதோ கஷாயம்' என்று சொல்லாதீர்கள். பாக்கெட்டையே கொண்டுபோய், எத்தனை ஸ்பூன், எத்தனை வேளை, எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். வைத்தியரிடம் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அப்பாவுக்குக் கால் வீக்கமோ, குரக்கு வலியோ, படபடப்போ இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே காட்டிப் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.