கட்டுரையை எழுதியது யார்? – கேள்வி பதில்

மேடம், கட்டுரையை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் டிடெக்டர் நூற்றுக்கு ஒரு தவறுதான் செய்யுமாம். அப்புறம் என்ன தயக்கம்?

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2022-ல் அங்கே டர்னிட்டின் என்ற கட்டுரை சரிபார்க்கும் மென்பொருளுக்குப் போனவை 75,000 தாள்கள். அதில் ஒரு விழுக்காடு என்றாலே 750 தாள்கள் மீது வீண்பழி. 2023 ஆகஸ்டில் அதன் ஏஐ டிடெக்டர் வசதியையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பழி எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அவற்றில் சராசரியாக 61 விழுக்காட்டை ஏஐ எழுதியது என்றன அந்தக் கருவிகள். அடுத்து வரும் சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் அவை சந்தேகப்படும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் பழகிய சொற்களைத்தானே எழுதுவார்? எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நானே எழுதிய கட்டுரைக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் `Version history` திறந்து காட்டுங்கள். ஒரு வரி எழுதி, அழித்து, மூன்று நாள் கழித்து அதே பத்திக்குத் திரும்பி வந்தது தெரியும். மொத்தமும் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருந்தால் அதுவும் தெரியும். ஆனால் ஏஐ எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தவரையும் இது காப்பாற்றிவிடும். அதனால் நேரில் பேச வாய்ப்பு கேளுங்கள்.

பேசாமல் எல்லாவற்றையும் பேனா, பேப்பருக்கே மாற்றிவிடலாமே?

பாதி சரி. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு தடமாகப் பிரித்திருக்கிறது. ஒன்று கண்காணிப்பில் நடப்பது. மற்றொன்றில் ஏஐ பயன்படுத்தலாம். வீட்டில் செய்யும் வேலைக்குத் தடை போட்டால் அதை மீறுகிறவருக்குத்தான் லாபம் என்பதால், நானும் அதை ஏற்கிறேன். ஆனால் நாலு வாரம் தரவு தேடி எழுதும் திறனை மூன்று மணி நேரத் தேர்வில் அளக்க முடியாது.

என் வகுப்பில் 60 பேர். அத்தனை பேருக்கும் வைவா வைக்க முடியுமா மேடம்?

ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். நான் கட்டுரையின் நீளத்தைப் பாதியாக்கி, திருத்தும் நேரத்திலிருந்து அதை எடுத்தேன். பொதுவான கேள்வி வேண்டாம். அவர் எழுதிய ஒரு பத்தியில் விரல் வைத்து, "இந்தச் சான்றை ஏன் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு மாணவி ஆங்கிலத்தில் திணறினாள். தமிழில் சொல்லச் சொன்னேன். விட்டுப்போன இரண்டு சான்றுகளையும் காரணத்தோடு அடுக்கினாள். திக்குவாய் உள்ளவருக்கும் கூச்சப்படுபவருக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள், பேச்சழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

எங்களுக்கு 300 பேர், ஆசிரியர் ஒருவர்தான்.

அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. குலுக்கலில் 30 பேரை அழைத்துப் பார்த்தோம். அழைக்கப்பட்டவர்கள் தங்களைச் சந்தேகிப்பதாக நினைத்தார்கள்.