46 பேரிடம் 34 கேள்வி

கேள்வி: வேலூரில் மனநல மருத்துவம் எம்.டி. படிக்கிறேன். முதல் முறை சைக்கோசிஸ் வந்த 150 பேரின் கேஸ் ஷீட்டிலிருந்து 34 விவரங்கள் எடுத்தேன். 2 ஆண்டுக்குள் 46 பேருக்கு ரிலாப்ஸ். p < 0.1 வந்த 9 விவரங்களை மட்டும் வைத்து, 70:30 ஆகப் பிரித்து, லாஜிஸ்டிக் மாடல் போட்டதில் ஏயூசி 0.91, டெஸ்ட் பகுதியில் 0.86. கைடுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் உறுத்துகிறது. இது ஓவர்ஃபிட்டிங்கா?

பதில்:

ஆமாம். உங்கள் உறுத்தல் சரிதான். ஆனால் இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போகாது. நான் புள்ளியியல் பக்கத்து ஆள். இந்த வட்டாரத்து மனநல டேட்டாவில் சில வருடம் உழன்றிருக்கிறேன், இதே குழியில் விழுந்தும் இருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இன்றிரவே செய்யலாம்.

```r
d$relapse <- sample(d$relapse)
```

இந்த ஒரு வரி ரிலாப்ஸ் பத்தியைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிடும். குடியாத்தத்துக்காரரின் முடிவு ஆம்பூர்க்காரருக்குப் போய்விடும். இனி 34 விவரங்களுக்கும் ரிலாப்ஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த டேட்டாவில் நீங்கள் செய்த அத்தனையையும் முதலிலிருந்து செய்யுங்கள்: p < 0.1 பார்த்துப் பொறுக்குவது, பிரிப்பது, மாடல் போடுவது. இதை நூறு முறை ஓடவிட்டு டெஸ்ட் ஏயூசியின் சராசரியைப் பாருங்கள். நியாயப்படி அது 0.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். உங்கள் வழியில் அது 0.6-ஐத் தாண்டும். 34-ஐயும் பொறுக்காமல் போட்டு, அதே 150 பேரிலேயே அளந்து பாருங்கள், வெறும் குப்பையிலேயே 0.8 பக்கம் வரும்.

காரணம் இதுதான். விவரங்களைப் பொறுக்கியபோது 150 பேரையும் பார்த்தீர்கள். பிரித்தது அதற்கு அப்புறம். டெஸ்ட் பகுதியில் இருக்கும் 45 பேரும் எந்த 9 ஜெயிக்க வேண்டும் என்பதில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டவர்கள். அவர்களிடமே போய் மாடல் எப்படி என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள்.

சரி, முதலிலேயே பிரித்துவிட்டால் போதுமா? 45 பேரில் ரிலாப்ஸ் ஆனவர்கள் ஏறக்குறைய 14 பேர். அந்த 14 பேரை வைத்து 0.75 வந்தால், அதன் 95% இடைவெளி சுமார் 0.58-இலிருந்து 0.91 வரை நீளும். நாணயம் சுண்டுவதை விடச் சற்று மேல் என்பதும் அபாரம் என்பதும் அதற்குள் அடக்கம். இத்தனை சின்ன டேட்டாவைப் பிரிப்பதே வீண் என்பது என் கருத்து. மாடலுக்கு 105 பேர்தான் மிஞ்சுகிறார்கள், சோதனைக்கும் ஆள் போதவில்லை.

பிரிப்பதற்குப் பதில் பூட்ஸ்ட்ராப் செய்யுங்கள். 150 பேர் பட்டியலிலிருந்து, எடுத்தவரைத் திரும்பப் போட்டே 150 பேரை எடுக்க வேண்டும். சிலர் இரண்டு மூன்று முறை வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். அந்தப் பட்டியலில் எல்லா வேலையையும் புதிதாகச் செய்து மாடல் போடுங்கள். அந்த மாடலின் ஏயூசியைப் பூட்ஸ்ட்ராப் பட்டியலிலும் அளக்க வேண்டும், அசல் 150 பேரிலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாடலின் வீண் பெருமை. 500 முறை செய்து அதன் சராசரியை உங்கள் அசல் ஏயூசியிலிருந்து கழித்துவிடுங்கள். `rms` தொகுப்பு இதைத் தானே செய்யும்:

```r
fit <- lrm(relapse ~ log_dup + adher + cannabis + premorbid,
           data = d, x = TRUE, y = TRUE)
validate(fit, method = "boot", B = 500)
```

இதில் ஏயூசிக்குப் பதில் `Dxy` வரும். அதோடு 1 கூட்டி 2-ஆல் வகுத்தால் ஏயூசி. ஒரு எச்சரிக்கை: p < 0.1 பார்த்து வெளியே பொறுக்கியதோ, விடுபட்ட மதிப்புகளை நிரப்பியதோ இந்தக் கட்டளைக்குத் தெரியாது. அவையும் ஒவ்வொரு சுற்றிலும் நடக்க வேண்டுமானால் லூப்பை நீங்களே எழுதியாக வேண்டும். உள்ளே நடக்காத பொறுக்கலுக்கு அது அபராதம் போடாது.

பொறுக்காமல் இருப்பதே இன்னும் நல்லது. ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ரிச்சர்ட் ரைலி குழுவினர் தந்த மாதிரி அளவுச் சூத்திரத்தை `pmsampsize` என்ற தொகுப்பு போட்டுத் தரும். உங்கள் ரிலாப்ஸ் விகிதம் 31%. முன் தகவல் எதுவும் இல்லாதபோது அவர்கள் சொல்லும் 15% விளக்கத்திறனை வைத்துக்கொண்டால், மாடலில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் சுமார் 80 பேர் வேண்டும். 34 விவரங்களுக்கு 2,700 பேர். கடைசியில் 9-தான் உள்ளே வந்தது என்று தப்பிக்க முடியாது. பரிசீலித்த 34-ம் கணக்கில் சேரும். உங்கள் 150 பேர் தாங்குவது இரண்டுகூட இல்லை.

அதனால் டேட்டாவைத் திறக்கும் முன்பே, வெளியே தெரிந்ததை வைத்து நான்கு விவரங்களை முடிவு செய்யுங்கள். 2012-இல் ஆல்வரெஸ்-ஹிமெனெஸ் குழுவினர் முதல் எபிசோட் ஆய்வுகளைத் தொகுத்தபோது மேலே வந்தவை: மருந்தை விடுவது, போதைப்பழக்கம் தொடர்வது, வீட்டார் குறை சொல்லிக்கொண்டே இருப்பது, நோய்க்கு முந்தைய காலத்தில் பள்ளி, நட்பு வட்டாரம் ஆகியவற்றில் ஒட்டாமல் இருந்தது. வீட்டார் குறை சொல்வதைக் கேஸ் ஷீட்டிலிருந்து நம்பி எடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சிகிச்சைக்கு வரும் முன் கழிந்த காலத்தைச் சேர்க்கலாம். ஆனால் அதை லாக் எடுத்துத்தான் போட வேண்டும். ஒரு வாரத்தில் வந்தவரும் ஆறு வருடம் கழித்து வந்தவரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். நான்குக்கே 320 பேர் தேவை என்பதால் கெழுக்களைச் சுருக்கும் ரிட்ஜ் முறையில் போடுங்கள். லாசோ வேண்டாம். இத்தனை பேரில் அது ஒவ்வொரு பூட்ஸ்ட்ராப்பிலும் வேறு வேறு விவரத்தைத் தேர்ந்தெடுத்துத் தலைவலி தரும்.

இப்போது இரண்டாவது கோளாறு. என் கணிப்பில் உங்கள் 0.91-இல் பெரும்பங்கு இதுதான். ‘மருந்து ஒழுங்காக எடுத்தாரா’ என்ற விவரத்தை எந்தத் தேதி நோட்டிலிருந்து எடுத்தீர்கள்? ரிலாப்ஸ் ஆகி வந்த அன்று, “ரெண்டு மாசமா மாத்திரையே போடல சார்” என்று அம்மா சொன்னதை ஜூனியர் டாக்டர் எழுதியிருப்பார். ரிலாப்ஸ் ஆகாதவரிடம் அந்தக் கேள்வியை யாரும் அவ்வளவு துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆக அந்த விவரம் ரிலாப்ஸை முன்கூட்டிச் சொல்லவில்லை, நடந்த பிறகு பதிவு செய்கிறது. கடைசி டோஸ், மொத்த வருகை எண்ணிக்கை எல்லாமே இந்த ரகம். கவனியுங்கள், சீட்டுக் கலைக்கும் சோதனை இதைப் பிடிக்காது, கலைத்ததும் அந்தத் தொடர்பும் அறுந்துவிடும். பூட்ஸ்ட்ராப்பும் பிடிக்காது. தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

தீர்வு, ஒரு நாளைக் குறித்துக்கொள்வது. முதல் சிகிச்சை தொடங்கி ஆறாவது மாதம் என்று வையுங்கள். அந்த நாள் வரை எழுதப்பட்டதை மட்டுமே மாடல் பார்க்கலாம். அதற்குப் பிறகு வரும் ரிலாப்ஸ் மட்டுமே கணக்கு. ஆறு மாதத்துக்குள்ளேயே ரிலாப்ஸ் ஆனவர்கள் இந்த மாடலுக்கு வெளியே. 46 குறையும், வலிக்கும், ஆனால் ஓபியில் நீங்கள் கணிக்க உட்காரும் நாளில் உங்கள் கையில் இருக்கப்போவது அவ்வளவுதான்.

நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். ஊர் தூரத்தை ஒரு விவரமாகச் சேர்த்திருந்தேன். தூரம் கூடக் கூட ரிலாப்ஸ் குறைகிறது என்றது மாடல். ஜவ்வாது மலைக் காற்று என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். கதை வேறு. காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்து ஆட்கள் மறுபடி உடம்பு சரியில்லை என்றால் ஆட்டோ பிடித்து எங்களிடமே வந்தார்கள், பதிவானது. மலையிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் பார்த்து வேறெங்கோ போனார்கள், அல்லது எங்கும் போகவில்லை. எங்கள் எக்செல்லில் அவர்கள் எல்லாருக்கும் ‘ரிலாப்ஸ்: 0’. உங்கள் 104 பேரில் எத்தனை பேரை 24-ஆவது மாதம் உண்மையிலேயே யாராவது பார்த்தார்கள் அல்லது போனிலாவது பேசினார்கள்? பார்க்காதவர்களுக்கு 0 போடாதீர்கள். கடைசியாகப் பார்த்த தேதியோடு நிறுத்தி, லாஜிஸ்டிக்குக்குப் பதில் காக்ஸ் மாடல் போடுங்கள். அதுவும் முழு மருந்தில்லை, வராமல் போனவர்களுக்கு நோய் அதிகமாயிருந்தால் காக்ஸும் ஏமாறும். முடிந்தவரை போன் செய்து முடிவைக் கண்டுபிடிப்பதுதான் நல்ல வழி. (சமூகப் பணியாளர் அக்காக்களிடம் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் இல்லாதது அவர்கள் டைரியில் இருக்கும்.)

ஏயூசி மட்டும் போதாது, `validate` தரும் `Slope`-ஐயும் பாருங்கள். அது 0.6 என்றால், மாடல் 80% என்று சொல்லும் ஆளுக்கு உண்மையில் 62% அளவுதான் ஆபத்து, 5% என்று சொல்பவருக்கு 11%. ஓவர்ஃபிட் ஆன மாடல் இரண்டு ஓரத்திலும் இப்படித்தான் அளந்துவிடும். 5% என்பதை நம்பி மருந்தைக் குறைக்கும் ஆளுக்கு அது இரு மடங்குக்கு மேல் தவறு. இந்த எண்ணால் கெழுக்களைப் பெருக்கி, சராசரி ஆபத்து உங்கள் 31%-க்கு ஒத்துவரும்படி இன்டர்செப்டைத் திரும்பக் கணித்த பிறகே சமன்பாட்டை எழுதுங்கள். ரிட்ஜ் போட்டிருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

எல்லாம் செய்து 0.65–0.70 வந்தால் கைடு முகம் சுளிப்பார். கணிப்பு மாடல் கட்டுரைகளில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ட்ரைபாட் பட்டியலைக் காட்டுங்கள். பரிசீலித்த விவரங்கள் எத்தனை, விடுபட்டதை என்ன செய்தீர்கள், உள் சோதனை எப்படி என்று கேட்கும் அந்தப் பட்டியலுக்கு முன் 0.91 நிற்காது.

வெளிச் சோதனை இந்தத் தீசிஸில் வேண்டாம். அதற்குக் குறைந்தது 100 ரிலாப்ஸ் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் விகிதத்தில் அது 325 பேர், உங்கள் படிப்புக் காலத்துக்குள் சேர மாட்டார்கள். இன்டர்செப்ட் உட்பட முழுச் சமன்பாட்டையும் பின்னிணைப்பில் அச்சிடுங்கள். அது இல்லாமல் ஸ்கோர் அட்டவணை மட்டும் போட்டால், அடுத்த பேட்ச் ஆளோ திருவண்ணாமலைக்காரரோ சோதித்துப் பார்க்க வழியே இருக்காது.