ஒரே பொருளின் பென்சில் ஓவியங்களில் முன்னேற்றத்தை அளப்பது

"ஐந்து மாதமாக ஒரே கோப்பையை வரைகிறேன், உண்மையிலேயே தேறியிருக்கிறேனா?"

நிழல் தீட்டியதை முதலில் பார்க்காதீர்கள். கை பழகினாலே அது அழகாகிவிடும். அடிவிளிம்பைப் பாருங்கள். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள கோப்பையின் அடி, வாயைவிடச் சற்றுக் கூடுதலாக வளைந்து தெரியும். ஆனால் மேசை தட்டையானது என்று மனம் அறிந்திருப்பதால், தொடக்கத்தில் எல்லோரும் அதை நேர்கோடாக இழுத்துவிடுகிறோம். முதல் மாதத் தாளில் அடி நேராகவும், வாயின் இரு முனைகள் எலுமிச்சைபோல் கூர்ந்தும் இருந்து, ஐந்தாம் மாதத் தாளில் இரண்டும் உருண்டு வளைந்திருந்தால், கண் கற்றிருக்கிறது என்றே சொல்வேன்.

ஆயினும் அவ்வடிவம் மனப்பாடமாகவும் இருக்கலாம். ஆகவே கோப்பையைக் கண்மட்டத்துக்கு அருகே உயர்த்தி, வழக்கமான அதே நேரத்துக்குள் வரையுங்கள். வாய் மெல்லிய கீற்றாகச் சுருங்காமல் பழைய அகலத்திலேயே நின்றால், நீங்கள் கோப்பையைப் பார்க்காமல் முந்தைய ஓவியத்தையே மறுபடி வரைந்திருக்கிறீர்கள்.