தாமதமான 600 நூல்களும் ஒரு மன்னிப்பு மின்னஞ்சலும்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கோலாலம்பூரில் உள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றுக்கு 600 பயிற்சி நூல்களை நேற்று, புதன்கிழமை மாலை, கொடுத்திருக்க வேண்டும். உள்தாள்கள் அச்சாகி மடித்து அடுக்கியாகிவிட்டது. அட்டைத்தாளை முன்பே வாங்கி வைக்காமல் விட்டுவிட்டேன். வாங்கப் போனபோது கடையில் இல்லை. அவர்களுக்குத் திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம். தாள் கடையில் இருப்பு இல்லாததே காரணம். எப்படியாவது நாளைக்குள் அனுப்பிவிடுகிறோம். இனி ஒருபோதும் இப்படி நடக்காது." அனுப்பலாமா?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்ப வேண்டாம் என்று அன்று காலையே தொலைபேசியில் சொன்னேன். அவசரத்தில் பேசியதை, உங்கள் சம்மதத்தோடு, இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எழுத்துக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் அச்சகத்தில் வேலை ஏற்பாடு பார்த்தவன் நான். இந்தச் சங்கடம் எனக்குப் புதிதல்ல.

வருத்தத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் வாடிக்கையாளரின் கண் தேதியைத்தான் தேடும். முதல் தேதி தவறியதை அவர் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதும் தவறினால், திங்கள் காலை அறை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்கப் போவது அவர்தான். அதனால் மின்னஞ்சலை எழுதுவதற்கு முன் பட்டறைக்குள் போய்த் தேதியை எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். அட்டைத்தாள் வியாழன் மதியம் கைக்கு வருகிறது. மாலைக்குள் ஆப்செட்டில் ஓடிவிடும். ஆனால் ஆர்ட் அட்டை மையை அதிகம் உறிஞ்சாது. மை மேலேயே தங்கித்தான் காயும். ஓர் இரவாவது விடாமல் லேமினேஷனுக்குக் கொடுத்தால் படலம் சரியாகப் பிடிக்காமல் கொப்புளம் போடும், ஓரத்தில் உரியும். ஆகவே லேமினேஷன் வெள்ளி காலைதான். அதுவும் நீங்கள் வெளியே கொடுத்துச் செய்வது. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் அங்கே வேலை நிற்கும். மாலை நான்கு மணிக்கு அட்டை திரும்பி வந்தால், பிறகு பசை பைண்டிங், பசை இறுகியதும் மூன்று பக்கமும் வெட்டு, எண்ணிக் கட்டுவது. எதுவும் இடறாமல் இருந்தால் வெள்ளி நள்ளிரவுக்குள் 600-ம் முடியும்.

எதுவும் இடறாமல் இருந்தால் மட்டும் முடிகிற தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அது உங்கள் பட்டறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய தேதி. நடுவே லேமினேஷன் கடை ஒன்று இருக்கிறது, அது உங்கள் சொல் கேட்டு ஓடுவதில்லை. அடுத்தவர் கையில் இருக்கும் வேலைக்கு நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது.

அடுத்து, வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். மின்னஞ்சல் அதற்குப் பிறகுதான். தாமதச் செய்தி எழுத்தில் முதலில் போய்ச் சேர்ந்தால் அவர் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுத்தான் உங்களோடு பேசுவார். பேசியதால் கிடைத்த லாபத்தையும் பாருங்கள்: திங்கட்கிழமை வருவது 240 பேர்தான், மற்றவர்கள் அதற்கடுத்த வாரம். இது தெரிந்தவுடன் வேலையின் அளவே மாறிவிட்டது. சனிக்கிழமை அவர்கள் கட்டடத்தில் சரக்கு இறக்க முன்கூட்டியே காவலாளியிடம் வண்டி எண் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தப் பேச்சில்தான் வந்தது. இல்லாவிட்டால் பட்டர்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓட்டிப்போய் வாசலில் நின்றிருப்பீர்கள். (பினாங்குக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி 1 கோலாலம்பூரில் விடுமுறை, நமக்கு இல்லை. ஜூலை 7 நமக்கு விடுமுறை, அவர்களுக்கு இல்லை. புதிய தேதி சொல்லும்போது இரண்டு நாட்காட்டியும் மேசையில் இருக்கட்டும்.)

இவ்வளவுக்கும் பிறகு மின்னஞ்சல் இப்படி வந்தது. மலாயிலோ ஆங்கிலத்திலோ போட்டுக்கொள்ளலாம், வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

"வணக்கம். காலையில் தொலைபேசியில் பேசியதை எழுத்தில் தருகிறேன். புதன்கிழமை மாலைக்குள் தர வேண்டிய நூல்களை நாங்கள் தரவில்லை. ஆர்டர் உறுதியான அன்றே அட்டைத்தாளை வாங்கி வைக்காதது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.

உள்தாள்கள் தயார். அட்டை இன்று அச்சாகிறது. 250 நூல்களைச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் எங்கள் வேனில் கொண்டுவந்து இறக்குகிறோம். மீதி 350 அடுத்த புதன்கிழமை மாலை 5 மணிக்குள் வந்துசேரும். இரண்டு நடைக்கும் போக்குவரத்துச் செலவு எங்களுடையது.

லேமினேஷன் வெளியே நடக்கிறது. அது வெள்ளி மாலைக்குள் முடியாவிட்டால் முதல் 250-க்கு மட்டும் லேமினேஷன் இல்லாத அட்டை போட வேண்டிவரும். அதற்குச் சம்மதமா என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு நிலவரத்தை எழுதுகிறேன்."

தாள் கடை இதில் வரவில்லை, கவனித்தீர்களா? கடையில் இருப்பு இல்லாதது உண்மைதான். ஆனால் அந்தக் கடையோடு அவருக்கு எந்தப் பேச்சும் இல்லை. பணம் தந்தது உங்களிடம். காரணத்தை ஒரே வாக்கியத்தில், உங்கள் கை தவறிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று வாக்கியம் ஆனால் அது வாதாடுவதுபோல் ஆகிவிடும்.

லேமினேஷன் இல்லாத அட்டையைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கூடாது. அப்படிப்பட்ட அட்டை கை பட்டுப் பட்டு உரசல் விழும், முதுகு மடிப்பில் மை வெடிக்கும். சில நாள் பயிற்சிக்குத் தாங்கும் என்றாலும், அவர் கேட்ட பொருள் அதுவல்ல. சனிக்கிழமை பெட்டியைத் திறந்து அவராகக் கண்டுபிடித்தால் இரண்டாவது மன்னிப்பு எழுத வேண்டிவரும்.

மின்னஞ்சலில் பத்து சதவீதத் தள்ளுபடியும் சேர்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. சரக்கே கைக்கு வராதபோது பத்து சதவீதம் குறைக்கிறேன் என்றால், வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். 600-ம் போய்ச் சேர்ந்த பிறகு பில்லில் குறைத்துக்கொள்ளுங்கள்.

தவறை ஒப்புக்கொள்வதும் "உங்களுக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்துக்கும் பொறுப்பேற்கிறோம்" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதை எழுதவே எழுதாதீர்கள். நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு இதைப் பேசுகிறது. காலம் முக்கியம் என்று இருதரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் தேதி தவறினால் மறுதரப்பு அதை ரத்து செய்யலாம். தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே அறிவித்திருந்தாலொழிய அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. எனவே "சரக்கை ஏற்கிறோம், ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அவர் பதில் போட்டால் கோபப்படாதீர்கள். தன் பாதுகாப்புக்காக எழுதுகிறார். ஆர்டர் படிவத்தில் தாமத அபராதம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் அனுப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இனி நடக்காது என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்க வேண்டாம். ஆர்டர் உறுதியான அன்றே தாள் வாங்கும் வழக்கம் உங்கள் கடையில் உண்மையிலேயே வந்த பிறகு, கடைசி 350-ஐ ஒப்படைக்கும்போது அதைச் சொல்லலாம்.

வெள்ளி மாலை 5 மணி மின்னஞ்சலுக்கு இரண்டு வரி போதும்: எது முடிந்தது, எது இன்னும் ஓடுகிறது. லேமினேஷன் கடையிலிருந்து தகவலே வராவிட்டாலும், தகவல் வரவில்லை என்றே எழுதி, அதே 5 மணிக்கு அனுப்பிவிடுங்கள்.