கேள்வி-பதில்: போஸ்ட்டுகளை ஒரே நேரத்தில் நிறுத்த காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: பண்டாரவளையில் ஆறு அறை விடுதி வைத்திருக்கிறோம். மாதத்துக்கான பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போஸ்ட்டுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடுவது வழக்கம். டித்வா புயலின்போது இங்கே கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் "மழையை ரசிக்க மலைக்கு வாருங்கள்" என்று எங்கள் பக்கத்தில் போஸ்ட் போயிருக்கிறது. திட்டித் தீர்த்துவிட்டார்கள். எல்லாப் போஸ்ட்டையும் ஒரே பொத்தானில் நிறுத்தலாம் என்று ஒரு வெளிநாட்டுச் சேவை மாதம் 25 டொலர் கேட்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அன்றைக்கு அந்தப் பொத்தான் உங்களிடம் இருந்திருந்தாலும் அதை அழுத்த ஆள் இருந்திருக்காது. நேரம் குறித்த போஸ்ட் உங்கள் போனில் இருப்பதில்லை, மெட்டாவின் சேர்வரில் இருக்கிறது. பண்டாரவளை இருட்டில் கிடந்தாலும் காலை எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு அது போகும். ஆகவே யார் நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் விஷயம். உங்கள் மலையில் இல்லாத ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பியாக இருக்கலாம், கனடாவில் இருக்கும் அக்காவாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் ஒருவர் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் இங்கே முடக்கியது. அப்படி முடக்கினாலும் நேரம் குறித்த போஸ்ட் நிற்காது, உங்களால் உள்ளே போய் அதை எடுக்கத்தான் முடியாது.

அந்த நபருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பக்கத்தின் அமைப்புகளில் Page access பகுதிக்குப் போய் அவருடைய சொந்தக் கணக்கைச் சேர்த்து, Content, Messages, Ads மூன்றுக்கும் அனுமதி கொடுங்கள். விளம்பரம் ஓட்டுகிறீர்கள் என்றால் இதோடு முடியாது. விளம்பரக் கணக்கிலும் அவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். போஸ்ட்டை நிறுத்த முடிந்தவரால் விளம்பரத்தை நிறுத்த முடியாமல் போவது இதனால்தான்.

உங்கள் கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸில் வருகிறதா என்றும் பாருங்கள். டவர் விழுந்த நாளில் எங்கேயாவது வைபை கிடைத்தாலும் எஸ்எம்எஸ் வராது, நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். சிக்னல் இல்லாமலே எண் காட்டும் ஒத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பேஸ்புக் தரும் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.

அடுத்தது நேரம். செய்தி வந்த பிறகு நிறுத்துவது நகரத்துக்காரர்களுக்குச் சரிவரும். மலையகத்தில் மண்சரிவுச் செய்தி வரும்போது பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும். நமக்கு முன்னறிவிப்பு இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று மட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் அவதானம், செம்மஞ்சள் தயார்நிலை, சிவப்பு வெளியேற்றம். இதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பிரிவுக்கோ பக்கத்துப் பிரிவுக்கோ செம்மஞ்சள் வந்தால் அடுத்த மூன்று நாள் போஸ்ட்டுகளை எடுத்துவிடுங்கள். சிவப்பு என்றால் எல்லாப் போஸ்ட்டும், எல்லா விளம்பரமும் நிற்க வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மழை விட்டு ஒன்றும் நடக்காமல் போனாலும் உங்களுக்கு நட்டம் சில போஸ்ட் தள்ளிப்போனது மட்டும்தான்.

இனி நிறுத்தும் முறை. மெட்டா பிசினஸ் சூட்டில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் இடைநிறுத்தும் பொத்தானை எதிர்பார்க்காதீர்கள், ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். Planner பகுதியைத் திறந்து, மிக விரைவில் போகவிருக்கும் போஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் மூன்று புள்ளி மெனுவில் Move to drafts என்பதை அழுத்தினால் படமும் எழுத்தும் அப்படியே வரைவாகத் தங்கும். Delete வேண்டாம், பதற்றத்தில் அழித்த எழுத்தைப் பிறகு தேடிப் பயனில்லை. Reschedule செய்து அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதும் வேண்டாம். துக்கம் எத்தனை நாள் நீளும் என்று யாருக்கும் தெரியாது, தள்ளிவைத்தது மறந்துபோய் இன்னொரு கெட்ட நாளில் போய் விழும்.

மாதத்துக்குப் பதினான்கு போஸ்ட் என்று வைத்தால், ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் ஏழு நிமிட வேலை. பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்துப் போட்டவை இரண்டு இடத்திலும் நகர்ந்தனவா, ஸ்டோரி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள். Scheduled பட்டியல் வெறுமையாக இருந்தால்தான் வேலை முடிந்தது. இன்ஸ்டாகிராம் செயலியிலேயே நேரம் குறித்தவை இருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள்.

அடுத்து விளம்பரம். போஸ்ட்டுகளை வரைவாக்கினால் காசு கொடுத்து ஓட்டும் விளம்பரம் நிற்காது. Ads Manager-இல் Campaigns தாவலில், மேலே உள்ள கட்டத்தைத் தட்டி எல்லாவற்றையும் தெரிவுசெய்து அணைக்க வேண்டும். ஏழு நாட்களோ அதற்கு மேலோ நிறுத்திவைத்தால் திரும்பத் தொடங்கும்போது விளம்பரம் யாருக்குக் காட்டுவது என்று பழகும் கற்றல் கட்டத்துக்கு மறுபடி போகும், ஓரிரு நாள் செலவு சற்றுக் கூடலாம். அதற்காக நிறுத்தாமல் விடாதீர்கள்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் தானியங்கிப் பதில். லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, "இன்றிரவு பிள்ளைகளோடு தங்க அறை கிடைக்குமா?" என்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்கிறார் என்று வையுங்கள். அடுத்த நொடியே "வணக்கம்! இந்த வாரம் முன்பதிவு செய்தால் 15% கழிவு, கூடவே நெருப்பு மூட்டி பார்பிக்யூ!" என்று உங்கள் பெயரில் பதில் போகிறது. அதை அவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் போதும், மழை போஸ்ட்டைவிட அது பத்து மடங்கு ஓடும். மெட்டா பிசினஸ் சூட்டில் Inbox பகுதியின் Automations-க்குப் போய் அதை அணையுங்கள். வட்ஸ்அப் பிசினஸில் Greeting message, Away message இரண்டையும் பாருங்கள். அணைப்பதைவிட, "வீதி நிலைமை காரணமாகப் பதில் தாமதமாகலாம். அவசரத்துக்கு 117" என்று மாற்றிவைப்பது உபயோகம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

காசு கொடுக்கும் சேவை எப்போது பெறுமதி என்றால், நான்கு ஐந்து தளங்களில் போடும்போது, அல்லது பல பக்கங்களை ஒரே ஆள் பார்க்கும்போது. அப்போதும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பொத்தான் எதை நிறுத்தும்? ஹூட்சூட் போன்ற பெரிய சேவைகளில் நிறுவனம் முழுவதற்குமாக நிறுத்தலாம். பஃபரில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக வரிசையை நிறுத்த வேண்டும். எதுவானாலும் அந்தச் சேவையின் வழியாகக் குறித்தவையே நிற்கும். நீங்கள் நேரடியாக மெட்டாவில் குறித்ததும், தனியாக ஓட்டிய விளம்பரமும் அதன் கைக்கு எட்டாது. 25 டொலர் கொடுத்துவிட்டுப் பாதியை மெட்டாவிலேயே குறித்துக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கைதான் மிச்சம்.

கேள்வி: ஹட்டனில் இருந்து எட்டுக் கடைகளின் பக்கங்களை நான்தான் பார்க்கிறேன். சேவை வாங்கியாகிவிட்டது. துக்க தினத்தில் நிறுத்தினேன், சரியாக நின்றது. மூன்றாம் நாள் திரும்பத் தொடங்கியதும் நின்றிருந்த பதினொரு போஸ்ட்டும் ஒரே மூச்சில் போய்விட்டன. பிழை என்னுடையதா, சேவையுடையதா?

பதில்: பிழை என்று சொல்வதைவிட, அந்தச் சேவை வேலை செய்யும் விதம் அது. போஸ்ட்டைக் குறிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வரிசை: திங்கள் 9 மணி, புதன் 6 மணி என்று இடங்களை வைத்துவிட்டால் போஸ்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஏறும். நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் அவை அடுத்தடுத்த இடத்துக்கு நகரும். மற்றது 3ஆம் திகதி காலை 9.00 என்று நேரத்தைக் கட்டிப்போடுவது. நிறுத்தியிருந்தபோது அந்த நேரம் தாண்டிவிட்டால் சில சேவைகள் அதைத் தோல்வி என்று குறித்து ஒதுக்கும், சில "தாமதமாகிவிட்டது" என்று நினைத்துத் தொடங்கியதும் தள்ளிவிடும். உங்களுடையது அப்படித் தள்ளிவிடும் வகை.

இதை விற்பனைப் பக்கத்தில் தேட வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். யாரும் பார்க்காத ஒரு சோதனைப் பக்கத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று போஸ்ட் குறியுங்கள். முதலாவது போகுமுன் நிறுத்தி, இரண்டாவதின் நேரமும் தாண்டிய பிறகு தொடங்குங்கள். முதல் இரண்டுக்கும் என்ன நடக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இலவசப் பரீட்சார்த்தக் காலத்தில் இதைச் செய்யாமல் வருடச் சந்தா கட்டாதீர்கள்.

இருக்கும் சேவையோடே போவதென்றால் ஒழுங்கை மாற்றுங்கள். தொடங்குமுன், நேரம் தாண்டிய எல்லாவற்றையும் வரைவுக்கு எடுத்துவிடுங்கள். பிறகு எட்டுக் கடைகளுக்கும் ஒன்றாக அல்ல, ஒவ்வொரு பக்கமாகத் தொடங்குங்கள். வரைவுகளைத் திரும்பக் குறிக்கும்போது "இன்று", "நாளை போயா", "இந்த வார இறுதி வரை" போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள், மூன்று நாளில் அவை பொய்யாகியிருக்கும். "கொட்டுது", "அள்ளுது", "சரிவு விலை" போன்ற விளம்பர வார்த்தைகளையும் தூக்கிவிடுங்கள். சாதாரண நாளில் யாரும் கவனிக்காத "விலைச் சரிவு", மண்சரிவு நடந்த வாரத்தில் வேறு மாதிரி வாசிக்கப்படும்.

கேள்வி: எஸ்எம்எஸ்ஸில் சலுகை அனுப்பும் சேவை ஒன்றை எங்கள் துணிக்கடைக்கு எடுக்கப் போகிறோம். நேரம் குறித்த எஸ்எம்எஸ்ஸையும் இப்படி நிறுத்த முடியுமா?

பதில்: அனுப்பத் தொடங்குமுன் முடியும், தொடங்கிய பின் முடியாது. போஸ்ட்டையாவது அழிக்கலாம், மற்றவர் போனில் விழுந்த எஸ்எம்எஸ்ஸை எடுக்க வழியில்லை. அதனால் வாங்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ரத்துசெய்யும் பொத்தான் உங்கள் திரையிலேயே இருக்கிறதா, அல்லது அவர்களுக்குப் போன் பண்ண வேண்டுமா, ரத்தான செய்திகளுக்கான காசு கணக்கில் திரும்ப வருமா. போன் பண்ண வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்குக் குறிக்காதீர்கள், அவர்கள் அலுவலகத்தில் ஆள் இருக்கும் நேரமாக, பத்து மணி போலக் குறியுங்கள். 4,000 பேருக்கு ஒரே தடவையில் அனுப்பாமல் 1,000 வீதம் ஒரு மணித்தியால இடைவெளியில் நான்காகப் பிரித்துவைத்தால், பத்தரைக்குக் கெட்ட செய்தி வந்தாலும் மிச்சம் 3,000ஐ நிறுத்தலாம்.