பக்கத்துக்கு 2 வெள்ளி, 99.95 சதவீதம் சரியா இருக்கணும்: ஒத்துக்கலாமா?

"அக்கா, யீஷூன்ல வீட்ல இருந்தபடி செய்ற வேலை ஒண்ணு வந்திருக்கு. 1920ல அச்சான புத்தகம், ஸ்கேன் பண்ணது 180 பக்கம். டைப் பண்ணி ப்ரூஃபும் பாத்து தரணும். பக்கத்துக்கு 2 வெள்ளி, 99.95 சதவீதம் சரியா இருக்கணுமாம். ஒத்துக்கலாமா?"

இந்த ரேட்டுக்கு வேணாம்மா. முதல்ல அந்த 99.95ஐ எதை வச்சு எண்ணுவாங்கன்னு கேளு. "தமிழ்" நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, ஆனா யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. ஒரு பக்கத்துல யூனிகோட் கணக்குல 1,500 வருதுன்னு வை, 180 பக்கத்துக்கு 2,70,000, அதுல 135 தப்பு வரைக்கும் விடுவாங்க. அதே பக்கத்தை எழுத்தா எண்ணி 900னு போட்டா 81 தப்புதான். அதனால எந்தக் கணக்குன்னு எழுத்துல வாங்கிக்கோ. ரெண்டுலயுமே பக்கத்துக்கு ஒரு தப்புக்கு இடமில்ல, அது ரொம்ப கடுமையான அளவு.

தப்பு வர்ற இடம் என்னன்னா, கை தானா இன்னைக்கு எழுதுற மாதிரி அடிச்சிடும். புத்தகத்துல "ஸம்பந்தம்"னு இருக்கும், நீ "சம்பந்தம்"னு அடிப்ப, படிக்கும்போது உறுத்தவே உறுத்தாது, ஆனா தப்புதான். மூலத்துலயே அச்சுப்பிழை இருந்தா திருத்தாம அப்படியே அடிச்சிட்டு பக்க எண்ணோட தனியா குறிச்சு கொடு. யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு போட்ட பழைய லை, னை எல்லாம் பயப்பட வேணாம், சாதாரண லை, னை அடிச்சா போதும், உருவம் ஃபான்ட் விஷயம்.

கண்ணுக்கே தெரியாத தப்பு இன்னொண்ணு, "மௌனம்" அடிக்கிறப்ப எகரக் கொம்பும் ள எழுத்தும் சேர்த்து "மெளனம்"னு அடிச்சா திரையில கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். முடிச்சதும் "மெள", "கெள", "ஒள" தேடி ஒவ்வொண்ணா பாரு. "ஒளி", "கெளுத்தி" மாதிரி சரியானதும் வரும், அதனால மொத்தமா மாத்திடாதே. பக்க எண் ௨௭ன்னு தமிழ் எண்ல இருந்தா உ, எ அடிச்சிடுவோம், அதையும் பாரு.

இப்ப காசு. ஒப்புக்கறதுக்கு முன்னாடி மூணு பக்கம் அடிச்சு நேரம் பாரு, அதுல ஒண்ணு பொடி எழுத்துல அடிக்குறிப்பு நெறஞ்ச பக்கமா இருக்கட்டும். டைப்புக்கு அரை மணி, வரி வரியா ஒத்துப் பாக்க கால் மணி ஆச்சுன்னா பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் 135 மணி நேரம் உழைச்சு 360 வெள்ளி, மணிக்கு 3 வெள்ளி கூட தேறல. மணிக்கு 12 வெள்ளியாவது வேணும்னா பக்கத்துக்கு 9 வெள்ளி கேக்கணும். அவ்ளோ தர முடியாதுன்னா, நீ டைப் மட்டும் பண்றேன், ப்ரூஃப் வேற ஆள் பாக்கட்டும், சதவீதத்தையும் கொறைங்கன்னு 6 வெள்ளிக்கு பேசு. அடிச்சவங்களே பாத்தா எப்படியும் சில தப்பு கண்ல படாது, அதனால அவங்களுக்கும் இதுதான் நல்லது. அடிக்குறிப்புப் பக்கத்துக்கு தனி ரேட், திருப்பி அனுப்புனா எத்தனை தடவை வரைக்கும் இலவசமா திருத்தணும், இந்த ரெண்டையும் அதே பேப்பர்ல எழுதி வாங்கிக்கோ.